ஒரு கடை, இரண்டு தொழில்: இடத்தையும் வாடகையையும் பிரித்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

சிறிய கடை நடத்துபவருக்கு மாதக் கடைசியில் முதலில் நினைவுக்கு வருவது வாடகை. வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறுவதில்லை. அதனால் "இன்னொருவரை உள்ளே விட்டால் பாதி குறையுமே" என்ற யோசனை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அது நல்ல யோசனைதான். ஆனால் இப்படிச் சேர்ந்தவர்கள் ஓராண்டுக்குள் பிரிந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் வியாபாரம் படுத்தது அல்ல. வாடகையை எந்தக் கணக்கில் பிரித்தோம், இடத்தின் மேல் யாருக்கு என்ன உரிமை, ஒருவர் வேலையை மற்றவர் எதுவரை தொடலாம் என்ற மூன்றையும் தொடக்கத்தில் பேசாமல் விட்டதுதான்.

பொதுவாகப் பேசினால் எல்லாம் எளிதாகத் தெரியும். ஆகவே ஒரே ஒரு கடையை வைத்து முழுக்கணக்கையும் போடுகிறேன். அது ஒரு தையல் கடை. அகலம் 10 அடி, ஆழம் 24 அடி, மொத்தம் 240 சதுர அடி. வாடகை ஒப்பந்தம் தையல்காரர் பெயரில் இருக்கிறது. அதற்குள் ஒரு சலவைத் தொழிலாளி, துணி வாங்கும் நிலையம் ஒன்றைப் போட வருகிறார். துவைப்பது வேறிடத்தில், வாங்குவதும் கொடுப்பதும் கடைசி நேர இஸ்திரியும் மட்டும் இங்கே. எண்கள் எல்லாம் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: பொருத்தமான கூட்டாளியை அடையாளம் காண்பது

தையலையும் சலவையையும் ஏன் எடுத்தேன்? இரண்டும் துணி சம்பந்தப்பட்டவை என்பது மேலோட்டமான காரணம். உண்மையான காரணம் வருகையின் தாளத்தில் இருக்கிறது. தையல்காரரிடம் ஒருவர் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வருவார். வந்தால் அளவு கொடுக்கப் பத்து, பதினைந்து நிமிடம் நிற்பார். சலவைக்குத் துணி போடுபவர் வாரம் ஒருமுறை வருவார். இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். அடிக்கடி வந்து சீக்கிரம் போகிறவர்களும், எப்போதாவது வந்து நிதானமாக நிற்கிறவர்களும் ஒரே கடைக்குள் சேர்ந்தால் நெரிசல் குறைவு, லாபம் அதிகம். இரண்டு பக்கமும் நிதானமாக நிற்பவர்களாக இருந்தால் 240 சதுர அடியில் நிற்க இடம் இருக்காது. இரண்டு பக்கமும் எப்போதாவது வருபவர்களாக இருந்தால் ஒருவர் மற்றவருக்கு ஆள் கொண்டுவர முடியாது. வாடகை மட்டும்தான் குறையும்.

இன்னொரு தேர்வும் உண்டு. ஒருவரின் வேலை மற்றவரின் வேலையைத் தானாகவே உண்டாக்க வேண்டும். சலவைக்கு வரும் சட்டைகளில் பொத்தான் அறுந்திருக்கும், பேன்ட் கீழ்மடிப்பு பிரிந்திருக்கும், ஜிப் சிக்கியிருக்கும். அதை முதலில் பார்ப்பவர் சலவைக்காரர். தைத்து முடித்த உடைக்கு நல்ல இஸ்திரி தேவை. அது தையல்காரர் பக்கமிருந்து போகும். "இரண்டு பேரும் நல்ல நண்பர்கள்" என்பது இந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடப் பெறாது. சொல்லப்போனால் நண்பர்களோடு சேர்கிறவர்கள்தான் எதையும் எழுதி வைப்பதில்லை.

தடையாகக்கூடியவற்றையும் இப்போதே பாருங்கள். ஈரம், எண்ணெய், தூசி, வாசனை, சத்தம், சூடு ஆகிய ஆறில் எதை ஒருவர் வெளிவிடுகிறார், எதை மற்றவரின் பொருள் தாங்காது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் கடையில் தையல் இயந்திரத்தின் எண்ணெயும் நூல் பிசிறும் வெளுத்த துணிக்கு ஆகாது. நீராவி இஸ்திரியின் ஈரம் வெட்டாத துணிக்கட்டுக்கு ஆகாது. உலர் சலவைக் கரைப்பான்களின் வாசனையை அளவு கொடுக்க வந்தவர் விரும்பமாட்டார். முதல் இரண்டையும் இடைவெளி விட்டுச் சமாளிக்கலாம். மூன்றாவதை முடியாது. அதனால்தான் துவைப்பது வேறிடத்தில் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

இரண்டாம் படி: விட்டுக்கொடுக்கும் இடம் இதுவரை என்ன சம்பாதித்தது?

பலர் தாண்டிப் போகும் கணக்கு இது. வாடகையில் பாதி மிச்சம் என்று மகிழ்வதற்கு முன், கொடுக்கப்போகும் மூலை மாதம் எவ்வளவு ஈட்டிக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

வாடகையை 70 பங்கு என்று வைத்துக்கொள்வோம் (ஏன் 70 என்பது நான்காம் படியில் விளங்கும்). தையல்காரரின் கடை முன்பக்கத்தில் துணிச் சுருள்கள் அடுக்கிய ஓர் அலமாரி இருந்தது. "துணியும் எங்களிடமே எடுத்துக்கொள்ளலாம்" என்று விற்ற வகையில் மாதம் 9 பங்கு லாபம் தந்தது. சலவை மேசை வருவதற்கு அந்த அலமாரி போக வேண்டும். ஆக, சலவைக்காரர் 34 பங்கு கொடுத்தால் தையல்காரருக்கு உண்மையில் மிச்சமாவது 25 பங்குதான். இதுவும் நல்ல தொகையே. ஆனால் அந்த இடத்தில் அலமாரிக்குப் பதிலாக இரண்டாவது தையல் இயந்திரமும் அதற்கோர் ஆளும் இருந்து, ஆள் கூலி போக 30 பங்கு மிஞ்சிக்கொண்டிருந்தது என்றால்? மிச்சம் வெறும் 4 பங்கு. அதற்காக ஒருவரைக் கடைக்குள் விட்டு, நெரிசலையும் சங்கடங்களையும் ஏற்பது வீண். அந்தக் கடைக்காரர் கூட்டாளியைத் தேட வேண்டியதில்லை. இன்னும் தையல் வேலை தேட வேண்டும்.

கணக்குப் போடும்போது மூன்று மாதச் சராசரியை எடுங்கள். சீசன் மாதம் ஒன்றை மட்டும் பார்த்தால் அலமாரி ராஜாவாகத் தெரியும். மந்தமான மாதத்தைப் பார்த்தால் வெறும் மரமாகத் தெரியும்.

மூன்றாம் படி: கட்டட உரிமையாளரிடம் போவது

இதைக் கூட்டாளியோடு பேசி முடித்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் "உள்வாடகைக்கு விடக் கூடாது, வேறொருவர் வசம் ஒப்படைக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். எழுத்துமூல அனுமதியின்றி அதை மீறினால், கடையைக் காலி செய்யச் சொல்ல அதுவே போதிய காரணமாகிவிடக்கூடும். வாய்மொழியாகத் தலையாட்டியது கணக்கில் வராது. அனுமதிக் கடிதத்தில் இரண்டாவது தொழில் என்ன, யார் நடத்துகிறார், கடையில் எந்தப் பகுதி, எத்தனை காலம் என்ற நான்கும் இருந்தால் போதும்.

உரிமையாளர் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உள்ளே வந்தவர் நாளை "நானும் வாடகைதாரர்தான், என்னை எழுப்ப முடியாது" என்று சொல்லிவிடுவாரோ என்பதே அந்தப் பயம். அது நியாயமானது, தையல்காரருக்கும் அதே பயம் இருக்க வேண்டும். டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் இரண்டு அறைகளில் ஒருவர் முடிதிருத்தும் கடை நடத்தினார். ஆவணத்தில் "உரிமம்", அதாவது இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி, என்றுதான் எழுதியிருந்தது. 1959இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, அந்தத் தலைப்பைப் பார்க்காமல் நடைமுறையைப் பார்த்து, அது குத்தகையே என்றது. தனியான முழு வசம் தரப்பட்டிருக்கிறதா என்பது அங்கே முக்கியமான அளவுகோல். 1985இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும், வேறொரு வழக்கில், இதே திசையில் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு, விவரத்தை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். ஆனால் இந்த வழக்குகளிலிருந்து கடைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது: தாளின் மேல் என்ன பெயர் எழுதினாலும், தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி கொடுத்து மற்றவர் நுழையவே முடியாதபடி விட்டால், நீங்கள் இடத்தைப் பகிரவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்.

ஆகவே நம் கடையில் நடுவே தடுப்புச்சுவர் கட்டவில்லை. வெளிக்கதவுக்கு ஒரே பூட்டு, சாவி இருவரிடமும். சலவை மேசையின் பணப்பெட்டிக்கும் துணி அலமாரிக்கும் மட்டும் அவருடைய பூட்டு. எந்தப் பகுதியையும் ஒரு மாதம் முன்னதாக அறிவித்து மாற்றி அமைக்கத் தையல்காரருக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கிறது.

இதே வேகத்தில் இன்னொரு இடத்துக்கும் போய்விடுங்கள்: காப்பீட்டு நிறுவனம். தையல் கடை என்று எழுதிய பாலிசியோடு உள்ளே சலவைத் தொழிலும் நடந்து, அதனால் தீ பிடித்தால் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு. மாற்றத்தைத் தெரிவித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சலவைக்காரர் தன் வாடிக்கையாளர் துணிகளுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். உங்கள் பாலிசி பிறர் துணியைத் தானாகக் காப்பாற்றாது. தொழில் உரிமம், வரிப் பதிவு ஆகியவையும் இருவருக்கும் தனித்தனியே தேவை.

நான்காம் படி: வாடகையைப் பிரிக்கும் கணக்கு

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடப்போகிறேன், ஏனென்றால் சண்டைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சதுர அடிக்கு இத்தனை என்று பிரிப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அது நியாயமாகத் தெரியும், ஆனால் தவறு. வாசலை ஒட்டிய ஒரு சதுர அடியும் பின்சுவரை ஒட்டிய ஒரு சதுர அடியும் ஒன்றல்ல. பிரிட்டனில் கடைகளுக்குச் சொத்து மதிப்பு போடுபவர்கள் இதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வாசலிலிருந்து முதல் 6.1 மீட்டர், அதாவது 20 அடி ஆழம் வரை முழு மதிப்பு, அடுத்த 6.1 மீட்டருக்குப் பாதி, அதற்கடுத்ததற்குக் கால். பின்னால் போகப்போக மதிப்பு பாதி பாதியாகக் குறையும். நம் கடையின் மொத்த ஆழமே 24 அடிதான் என்பதால் 20 அடி அளவு நமக்கு உதவாது. ஆனால் பாதியாகக் குறையும் அந்தத் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கடையை எட்டெட்டு அடியாக மூன்று பகுதிகளாகப் பிரிப்போம். முன், நடு, பின். ஒவ்வொன்றும் 80 சதுர அடி. மதிப்பு 4, 2, 1 என்ற விகிதத்தில். கூட்டினால் 7. ஆகவே வாடகையை 70 பங்காக வைத்தால் முன்பகுதிக்கு 40 பங்கு, நடுப்பகுதிக்கு 20, பின்பகுதிக்கு 10. ஒரு சதுர அடிக்கு என்று பார்த்தால் முன்னால் அரைப் பங்கு, நடுவில் கால் பங்கு, பின்னால் அரைக்கால் பங்கு.

இனி தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, யார் எவ்வளவு இடத்தைத் தனக்கென்று எடுக்கிறார் என்று அளக்க வேண்டும். மேசை மட்டுமல்ல, மேசைக்குப் பின்னால் ஆள் நிற்கும் இடமும் சேர்த்தி.

சலவைக்காரர் முன்னால் 32 சதுர அடி எடுக்கிறார்: மேசை, நிற்குமிடம், பின்னால் மாட்டும் கம்பி. அது 16 பங்கு. நடுவில் இஸ்திரி மேசையும் கம்பியின் மீதியும் 16 சதுர அடி, 4 பங்கு. பின்னால் மூட்டை வைக்க 8 சதுர அடி, 1 பங்கு. மொத்தம் 56 சதுர அடிக்கு 21 பங்கு.

தையல்காரர் முன்னால் 8 சதுர அடி மட்டும் வைத்துக்கொள்கிறார், 4 பங்கு. நடுவில் வெட்டும் மேசையும் இயந்திரமும் 48 சதுர அடி, 12 பங்கு. பின்னால் காஜா இயந்திரம், துணிக்கட்டு, உடை மாற்றும் திரை என்று 56 சதுர அடி, 7 பங்கு. மொத்தம் 112 சதுர அடிக்கு 23 பங்கு.

மிச்சம் 72 சதுர அடி பொது இடம்: முன்னால் வாடிக்கையாளர் நிற்கும் 40, நடுவிலும் பின்னும் நடைபாதை 16, 16. அதன் மதிப்பு 20, 4, 2, ஆக 26 பங்கு. கூட்டிப் பாருங்கள்: 21, 23, 26, சரியாக 70.

தனி இடத்தைச் சதுர அடியாக மட்டும் பார்த்திருந்தால் சலவைக்காரர் தையல்காரரின் பாதி இடத்தைத்தான் எடுத்திருக்கிறார்; மூன்றில் ஒரு பங்கு, அதாவது 70இல் 23 சொச்சம் கொடுத்துவிட்டு வாசலின் நல்ல இடத்தை எடுத்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டு மாதம் தையல்காரர் அதைக் கவனிக்கமாட்டார். மூன்றாம் மாதம் தன் கடைக்குள் தானே பின்னால் தள்ளப்பட்டதாக உணர்வார். காரணம் சொல்லத் தெரியாமல் விளக்கு, விளக்குமாறு என்று சின்ன விஷயங்களில் முகம் சுளிக்கத் தொடங்குவார்.

பொது இடத்தின் 26 பங்கை எப்படிப் பிரிப்பது? வருகிற ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சலவைக்கு நான்கில் மூன்று பேர் வருகிறார்கள் என்றால், அவர் 26இல் முக்கால்வாசி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இருவரும் சேர்ந்ததே அந்த ஆட்கள் உள்ளே வர வேண்டும் என்பதற்காக. அதிக ஆட்களைக் கொண்டுவருபவரிடமே அதற்கு அபராதம் வசூலித்தால், அவர் அடுத்த ஆண்டு தனிக்கடை பார்த்துப் போய்விடுவார். ஆகவே சரிபாதி: ஆளுக்கு 13. சலவைக்காரர் 34, தையல்காரர் 36.

விற்பனையில் இத்தனை சதவீதம் வாடகை என்ற முறையும் உண்டு. பெரிய கடைகளுக்குள் சிறு கடை போடும் இடங்களில் அது நடக்கும். அங்கே ஒரே கல்லா வழியாகப் பணம் போகும், கணக்கு தானாகத் தெரியும். இரண்டு சிறு தொழில்களுக்கு அது ஒத்துவராது. ஒருவர் கணக்குப் புத்தகத்தை மற்றவர் மாதாமாதம் புரட்ட வேண்டியிருக்கும். நிலையான தொகையே நல்லது.

இதற்கு மேல் இரண்டு விஷயங்கள். சலவைக்காரர் விலகினால் முழு 70 பங்கையும் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியவர் தையல்காரர். அந்த அபாயத்துக்கு ஈடாகச் சலவைக்காரர் மூன்று மாதப் பங்கை முன்பணமாகத் தருகிறார், அதாவது 102 பங்கு. விலகுவதென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று, உரிமையாளர் வாடகையை உயர்த்தினால் 34க்கு 36 என்ற அதே விகிதத்தில் இருவரும் ஏற்க வேண்டும். இதை எழுதாவிட்டால் உயர்வு முழுவதும் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் தலையில் விழும்.

ஐந்தாம் படி: மின்சாரம்

வாடகை விகிதத்திலேயே மின்கட்டணத்தையும் பிரிக்கும் பிழையைப் பலர் செய்கிறார்கள். ஓர் இஸ்திரிப் பெட்டி 1,500 வாட் என்று வைப்போம். சூடு ஏறியதும் தானே அணைந்து மீண்டும் எரிவதால் பாதி நேரம்தான் மின்சாரம் எடுக்கும் என்று கொண்டால், ஐந்து மணி நேர வேலைக்கு ஏறக்குறைய 3.75 யூனிட். சிறு மோட்டார் பொருத்திய 100 வாட் தையல் இயந்திரம் ஆறு மணி நேரம் ஓடினாலும் 0.6 யூனிட்தான். ஆறு மடங்கு வித்தியாசம். இதைச் சரிபாதியாகப் போட்டால் தையல்காரர் அடுத்தவர் இஸ்திரிக்குப் பணம் கட்டுகிறார் என்று பொருள்.

துணை மீட்டர் ஒன்று வாங்கி இஸ்திரிப் பெட்டியின் இணைப்பில் மாட்டிவிட்டால் பேச்சே இல்லை. அந்த யூனிட்டுகள் சலவைக்காரருடையவை. மீதியில் விளக்கும் விசிறியும் பாதிப் பாதி, தையல் இயந்திரம் தையல்காரருக்கு. மீட்டர் மாட்டும் அன்றே இஸ்திரிக்குச் சுவரில் தனி இணைப்பும் கொடுத்துவிடுங்கள். தையல் இயந்திரம் செருகியிருக்கும் நீட்டிப்புப் பெட்டியில் இஸ்திரியையும் செருகினால் கம்பி சூடேறும். கீழே எப்போதும் நூல் பிசிறும் வெட்டுத்துணியும் கிடக்கும் கடையில் அது விளையாட்டல்ல. இஸ்திரி மேசையைச் சுற்றி ஓர் அடிக்குள் வெட்டுத்துணி கிடக்கக் கூடாது என்று விதி வையுங்கள். இரவு கடைசியாகப் போகிறவர் இஸ்திரியின் செருகியைப் பிடுங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆறாம் படி: பணமும் துணியும் கலக்காமல் இருப்பது

பணம் கலக்காமல் இருப்பது எளிது. இரண்டு பணப்பெட்டி, இரண்டு ரசீதுப் புத்தகம். ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் பணம் வாங்கினால், அவருடைய ரசீதுப் புத்தகத்திலேயே எழுதி, அவருடைய பெட்டியிலேயே போட வேண்டும். "சாயங்காலம் தருகிறேன்" என்று தன் பெட்டியில் போடுவது ஒரு வாரத்தில் கணக்கையும் ஒரு மாதத்தில் நம்பிக்கையையும் கெடுக்கும். வரிக்கணக்கிலும் அடுத்தவர் வருமானம் உங்கள் வருமானமாகத் தெரியும்.

துணி கலப்பதுதான் பெரிய தொல்லை. ஒரு பெண்மணி சலவைக்கு மூன்று உடைகள் தருகிறார். ஒன்றில் ஜிப் மாற்ற வேண்டும். சலவைக்காரர் அதைத் தையல்காரரிடம் தருகிறார். ஒரு வாரம் கழித்து அது காணவில்லை. யார் பொறுப்பு? இருவரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள். வாடிக்கையாளர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இனி அந்தக் கடைக்கே வரமாட்டார்.

இதற்கு ஒரே விதி: வாடிக்கையாளர் கையில் இருக்கும் ரசீது யாருடையதோ, அவர்தான் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு. உள்ளுக்குள் கைமாறும்போது ஒரு சிறு புத்தகத்தில் தேதி, ரசீது எண், உடை, வேலை, வாங்கியவர் கையெழுத்து. திரும்பத் தரும்போது அதே வரியில் இன்னொரு கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகு தொலைந்தால், வாங்கியவர் கொடுத்தவருக்கு ஈடு செய்ய வேண்டும். அடையாளச் சீட்டும் நிறத்தில் மட்டுமின்றி வடிவத்திலும் வேறுபடட்டும்: சலவைக்கு நீளமானது, தையலுக்கு வட்டம். மங்கலான விளக்கில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும்.

ஏழாம் படி: எல்லைகளை எழுதுவது

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இதுவரை சொன்ன பங்குகள், முன்பணம், அறிவிப்புக் காலம், மின்சாரம், துணிப் பொறுப்பு எல்லாம் அதில் வரும். அதோடு, பலரும் எழுத மறக்கும் ஒன்றையும் சேருங்கள்: யார் எந்த வேலையைச் செய்யக் கூடாது.

சலவைக்காரர் ஒரு நாள் ஊசியும் நூலும் வாங்கி வைத்துக்கொள்வார். "ஒரு பொத்தான்தானே, இதற்குப் போய் தையல்காரரைத் தொந்தரவு செய்வதா?" என்று தானே தைத்துக் கொடுப்பார். பிறகு கீழ்மடிப்பு. தையல்காரரும் சும்மா இருக்கமாட்டார். தைத்த உடைகளுக்கு என்று இஸ்திரிப் பெட்டி வாங்குவார், பிறகு வாடிக்கையாளரின் மற்ற உடைகளையும் தேய்ப்பார். ஒருவருக்கொருவர் துணையாக வந்தவர்கள் போட்டியாளர்களாக மாறுவது இப்படித்தான், பொத்தான் அளவில் தொடங்கும். எனவே பொத்தான் உட்பட ஊசி படும் எல்லா வேலையும் தையல்காரருடையது, தைத்து முடித்த உடை உட்பட எல்லா இஸ்திரியும் சலவைக்காரருடையது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

தரகுத்தொகை பற்றி என்னிடம் கேட்டால், முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பேன். யார் யாருக்கு எவ்வளவு வேலை அனுப்புகிறார் என்பது அப்போது தெரியாது. கைமாற்றுப் புத்தகம் இருக்கிறது. மூன்று மாத முடிவில் அதை எண்ணினால் விடை தெரியும். அனுப்பியது பெருமளவு ஒருபக்கமாக இருந்தால் அப்போது ஓர் உடைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு நிலையான தொகை பேசலாம்.

நேரமும் எழுத வேண்டியதே. சலவைக்காரர் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஏழு மணிக்குத் திறக்கிறார், தையல்காரர் பத்து மணிக்கு வருகிறார். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் தையலுக்கு வருபவரிடம் சலவைக்காரர் இரண்டு வேலை மட்டும் செய்யலாம்: துணியை வாங்கி வைப்பது, தயாரானதைக் கொடுப்பது. அளவு எடுப்பது, விலை சொல்வது, "வெள்ளிக்கிழமை கிடைக்கும்" என்று தேதி சொல்வது மூன்றும் கூடாது. மற்றவர் சார்பாகச் சொன்ன தேதிதான் கடையின் பெயரை முதலில் கெடுக்கும்.

எட்டாம் படி: எண்ணிப் பார்ப்பது

சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே எண்ணத் தொடங்குங்கள். மேசையில் ஒரு தாள். மணி வாரியாக வந்தவர்களுக்குக் கோடு. சேர்ந்த பிறகு முதல் மாதத்தை விட்டுவிடுங்கள், அது வேடிக்கை பார்க்க வருபவர்களின் மாதம். இரண்டாம் மாதத்திலிருந்து மீண்டும் இரண்டு வாரம் எண்ணுங்கள். இப்போது தாளில் நான்கு கட்டம்: சலவைக்கு மட்டும் வந்தவர், தையலுக்கு மட்டும் வந்தவர், இரண்டுக்கும் கொடுத்தவர், வாசல் வரை வந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியவர்.

நம் கடையில் நாளுக்குச் சலவைக்கு 45 பேர், தையலுக்கு 14 பேர் என்று வைப்போம். சலவைக்கு வந்த 45 பேரில் 5 பேர் தையல் வேலையும் கொடுத்தால், தையல்காரருக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் வேலை; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பொத்தானும் கீழ்மடிப்புமாக இருக்கும். தலையை எண்ணாமல் வருமானத்தை எண்ணுங்கள். ஐந்து சிறு வேலைகள் சேர்ந்து ஒரு புதுச் சட்டைத் தையலுக்கு ஈடாகாமல் போகலாம். அதேநேரம் அந்த ஐந்து பேரில் ஒருவர் இரண்டு மாதம் கழித்துப் புது உடை தைக்க வருகிறாரா என்பதுதான் உண்மையான பலன். அதற்காக ரசீதில் "சலவை வழி" என்று ஒரு சிறு குறி போட்டு வையுங்கள்.

நான்காவது கட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மாலை ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு மூன்று பேருக்கு மேல் திரும்பிப் போனால், பொது இடம் போதவில்லை என்று பொருள். தீர்வு பெரும்பாலும் எளிது: தயாரான சலவைத் துணிகளை அந்த நேரத்துக்கு முன் ரசீது எண் வரிசையில் கம்பியில் மாட்டிவிட்டால் ஒருவர் நிற்கும் நேரம் பாதியாகும். அளவு எடுப்பதைக் காலைக்கோ பிற்பகலுக்கோ நேரம் குறித்துத் தள்ளலாம். இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால், இந்த இரண்டு தொழிலும் இந்த அளவுக் கடைக்கு ஒத்துவரவில்லை.

கடைசிப் படி: பிரிவதற்கான வழி

மூன்று மாதச் சோதனைக் காலம் வையுங்கள். அதற்குள் பிரிவதென்றால் ஒரு மாத அறிவிப்பு போதும், முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். சோதனை முடிந்த பிறகு முன் சொன்ன மூன்று மாத அறிவிப்பு நடைமுறைக்கு வரும்.

பிரியும் நாளில் நான்கு விஷயங்கள் தொங்கும். வாடிக்கையாளர் இன்னும் வாங்கிப் போகாத துணிகள்: விலகுபவரே எடுத்துச் செல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் புது முகவரியைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை: தொடக்கத்திலேயே இரண்டு தனிப் பலகைகளாகச் செய்திருந்தால் ஒன்றைக் கழற்றினால் போதும், ஒரே பலகையில் எழுதியிருந்தால் புதுப் பலகையின் செலவு யாருக்கு என்று ஒரு சண்டை. தொலைபேசி எண்: எப்போதும் தனித்தனி எண். கைமாற்றுப் புத்தகம்: அதில் திறந்திருக்கும் வரிகளை இருவரும் உட்கார்ந்து மூட வேண்டும். அந்தக் கையெழுத்துகள் முடிந்த பிறகு முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.